ஒரே நிர்வாகியின் கணக்கு முடங்கினால் ஃபேஸ்புக் பக்கத்தை மீட்பது எப்படி?

"வீட்டில் செய்யும் முறுக்கு, அதிரசம் விற்பனைக்காக ஏழு வருடமாக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்திவருகிறேன். அதற்கு நான் ஒருத்திதான் நிர்வாகி. போன வாரம் என் சொந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். பக்கம் மற்றவர்களுக்குத் தெரிகிறது. மெசேஜ் அனுப்பியவர்கள் ஏன் பதில் இல்லை என்று போனில் கேட்கிறார்கள். என்னால் உள்ளே போக முடியவில்லை. புதிதாக ஒரு கணக்கு தொடங்கிப் பக்கத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா? வேறு வழி இருக்கிறதா?"

புதுக் கணக்கு வேண்டாம். இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனியாகக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. பக்கத்தின் சாவி முழுவதும் நிர்வாகியின் சொந்தக் கணக்கில்தான் இருக்கிறது. புதுக் கணக்குக்கு அந்தப் பக்கத்தின்மேல் எந்த உரிமையும் இல்லை. உரிமை கொடுக்கக்கூடிய ஒரே கணக்கு முடங்கிக் கிடக்கிறது. போதாததற்கு, முடக்கப்பட்ட ஒருவர் அதே கைப்பேசியில், அதே எண்ணில், அதே முகத்தோடு இன்னொரு கணக்கு தொடங்கினால் தடையைச் சுற்றி வருகிறார் என்றே அந்த நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கணக்கும் சில நாட்களில் போய்விடும், முதல் கணக்குக்காக நீங்கள் செய்யும் மேல்முறையீடும் பலவீனமாகிவிடும்.

சிறு வியாபாரிகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் அனுபவத்தில் இதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. உங்கள் கணக்கையே மீட்பது முதல் வழி. பக்கத்தோடு தொடர்புள்ள வேறு உயிருள்ள கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது இரண்டாவது. இரண்டும் இல்லையென்றால், பக்கம் உங்களுடையது என்று ஆவணங்களோடு நிரூபிப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் இன்றே ஒருசேரத் தொடங்கலாம். மூன்றாவதற்கு நாளாகும்.

முதலில், உங்கள் கணக்கில் நுழைய முயலும்போது வரும் திரையை அவசரப்படாமல் படித்து, அப்படியே படம் எடுத்துவையுங்கள். "We suspended your account" என்று இருந்தால் கணக்கு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. மேல்முறையீடு செய்ய 180 நாட்கள் உண்டு. எத்தனை நாள் மீதி என்றும் அந்தத் திரையிலேயே இருக்கும். அந்தக் காலத்துக்குள் முறையிடாவிட்டால் கணக்கு நிரந்தரமாக முடங்கிவிடும். "Your account has been disabled" என்றும் இனி மறுபரிசீலனை கேட்க முடியாது என்றும் இருந்தால், ஃபேஸ்புக்கின் வழக்கமான கதவு மூடிவிட்டது என்று பொருள். போன வாரம்தான் நடந்தது என்பதால் பெரும்பாலும் நீங்கள் முதல் நிலையில்தான் இருப்பீர்கள். அதே திரையில் "Download your information" என்ற வசதி தெரிந்தால் வேறெதையும் தொடுமுன் அதை அழுத்தி உங்கள் தரவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிர்வகித்த பக்கங்களின் பட்டியலும் அதில் வரும். பக்கம் உங்களுடையது என்பதற்கு அது பின்னால் ஒரு சான்றாக உதவும்.

மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்துமுன் ஒரு நாள் எடுத்துத் தயாராவது நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் ஒரே வாய்ப்புதான் கிடைக்கும். மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ ஒரு குறியீடு வரும். பிறகு முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பி ஒரு சிறு காணொளியோ அடையாள அட்டையின் படமோ கேட்பார்கள். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அடையாள அட்டையில்தான். கணக்கில் பெயர் தமிழில் இருக்கும், அட்டையில் ஆங்கிலத்தில் இருக்கும். கணக்கில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும், அட்டையில் தந்தையின் முதலெழுத்து இருக்கும். இன்னும் சிலர் கடைப் பெயரையே சொந்தக் கணக்கின் பெயராக வைத்திருப்பார்கள். ஃபேஸ்புக் விதிப்படி அதுவே ஒரு மீறல். உங்களிடம் இருக்கும் அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்து, கணக்கில் இருக்கும் பெயரோடும் பிறந்த தேதியோடும் எது மிக நெருக்கமாகப் பொருந்துகிறதோ அதைக் கொடுங்கள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எல்லாம் ஏற்கப்படுபவை. அட்டை எண்ணையும் முகவரியையும் மறைத்துப் படம் எடுக்கலாம். பெயர், பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில், அட்டையின் நான்கு மூலையும் படத்துக்குள் வரும்படி எடுங்கள். பளபளப்பு விழுந்த ஒரு படத்தால் நல்ல முறையீடு தள்ளுபடியானதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் முடக்கினார்கள் என்ற வரியையும் கவனியுங்கள். அதில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயர் இருந்தால், உங்கள் கணக்கை யாரோ திருடியிருக்கிறார்கள். இது பரவலாக நடக்கும் மோசடி. திருடுபவர் உங்கள் ஃபேஸ்புக்குக்குள் நுழைந்து, தன்னுடைய இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்றை, இரண்டு தளத்தின் கணக்குகளையும் இணைக்கும் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' என்ற வசதி வழியாக உங்களோடு இணைத்துவிடுவார். பிறகு அந்த இன்ஸ்டாகிராமில் விதிமீறலான எதையாவது செய்வார். அது முடங்கும்போது இணைந்திருக்கும் உங்கள் ஃபேஸ்புக்கும் சேர்ந்து முடங்கும். இதில் கொடுமை என்னவென்றால், மேல்முறையீட்டுப் பொத்தான் உங்களை அந்த அந்நிய இன்ஸ்டாகிராமின் நுழைவுப் பக்கத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். அதற்குக் கடவுச்சொல் உங்களிடம் எப்படி இருக்கும்? அந்த நிலையில் உங்கள் மின்னஞ்சலைத் துழாவுங்கள். facebookmail.com என்ற முகவரியிலிருந்து, புதுக் கணக்கு இணைக்கப்பட்டது, கடவுச்சொல் மாறியது, புதிய கருவியிலிருந்து நுழைந்தார்கள் என்று ஏதாவது அறிவிப்பு வந்திருக்கும். அதில் இது நான் செய்யவில்லை என்று தெரிவிக்க இணைப்பு இருக்கும். facebook.com/hacked என்ற முகவரியிலும் முயலுங்கள். கூடவே cybercrime.gov.in தளத்தில் புகார் பதிவு செய்து அதன் ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பக்கத்தின் பெயரில் எப்போதாவது விளம்பரம் கொடுத்து வங்கி அட்டையைச் சேர்த்திருந்தால், கணக்கு அறிக்கையைப் பார்த்துவிட்டு அந்த அட்டையின் இணையப் பரிவர்த்தனையை வங்கியில் நிறுத்திவையுங்கள். திருடுபவர்கள் குறிவைப்பதே அந்த அட்டையைத்தான்.

இனி இரண்டாவது வழி. நான்தான் ஒரே நிர்வாகி என்று சொல்லும் பலர் விஷயத்தில் அது முழு உண்மையாக இருப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு நேரடி நிர்வாகிகளைத் தவிர, முன்பு 'பிசினஸ் மேனேஜர்' என்றும் இப்போது 'பிசினஸ் போர்ட்ஃபோலியோ' என்றும் சொல்லப்படும், பக்கங்களையும் விளம்பரக் கணக்குகளையும் ஒன்றாக வைத்து நிர்வகிக்கும் அமைப்பும் உரிமையாளராக இருக்க முடியும். எப்போதோ ஒரு தீபாவளிக்கு விளம்பரம் கொடுக்க யாரையாவது உதவிக்கு அழைத்திருப்பீர்கள். அவர் உங்கள் பக்கத்தைத் தன்னுடைய போர்ட்ஃபோலியோவில் சேர்த்துவிட்டு வேலையை முடித்திருப்பார்; அது அப்படியே அங்கே இருக்கும். அதில் முழுக் கட்டுப்பாடு உள்ள ஒருவர் இருந்தால் போதும், உங்கள் கணக்கு செத்துக் கிடந்தாலும் அவரால் வேறொருவருக்குப் பக்கத்தைக் கொடுக்க முடியும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் யாருடைய ஃபேஸ்புக் கணக்கிலிருந்தாவது உங்கள் பக்கத்தைத் திறந்து, அறிமுகப் பகுதியில் "Page transparency" என்பதற்குப் போங்கள். பக்கம் தொடங்கிய தேதி, பெயர் மாற்றங்கள், நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். சில பக்கங்களுக்கு அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் தெரியும். அப்படி ஒரு பெயர் தெரிந்தால் சாவி அங்கேதான் இருக்கிறது. தெரியவில்லை என்பதால் போர்ட்ஃபோலியோவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. விளம்பரத்துக்கு உதவியவர், லோகோ போட்டுக் கொடுத்தவர், இன்ஸ்டாகிராமை இணைத்துக் கொடுத்த உறவுக்காரப் பையன் என்று எல்லோரையும் அவரவர் கணக்கிலிருந்து business.facebook.com திறந்து பார்க்கச் சொல்லுங்கள். "Page transparency" பகுதியிலேயே "Page ID" என்று ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். அதைக் குறித்துவையுங்கள், இனி எழுதப்போகும் எல்லாக் கடிதத்திலும் பக்கத்தின் பெயரோடு அந்த எண்ணும் இருக்க வேண்டும், ஒரே பெயரில் பல பக்கங்கள் இருக்கும் என்பதால்.

எனக்குத் தெரிந்த ஒரு கைத்தறிச் சேலைக் கடைக்காரருக்கு இப்படித்தான் நடந்தது. மேலே சொன்ன அந்நிய இன்ஸ்டாகிராம் மோசடியில் அவருடைய கணக்கு போனது. மேல்முறையீட்டுத் திரை அவரை எங்கும் கொண்டுசேர்க்கவில்லை. அவருடைய மருமகன் ஒரு காலத்தில் பக்கத்தில் படம் ஏற்றிக்கொண்டிருந்தவர். அவருடைய கணக்கில் business.facebook.com திறந்தபோது, பட்டியலில் அந்தப் பக்கம் இருந்தது! ஆனால் அவருக்கு இருந்தது பகுதிக் கட்டுப்பாடு. பதிவு போடலாம், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லலாம். இன்னொருவரைச் சேர்க்கும் பொத்தான் மட்டும் அவருக்கு இல்லை. ஆனாலும் அந்தப் போர்ட்ஃபோலியோ யாருடையது என்று அங்கே எழுதியிருந்தது. முன்பு விளம்பரம் பார்த்த ஒரு சிறு நிறுவனம் அது. கடைக்காரர் அந்த நிறுவனத்தோடு மனக்கசப்பில் பிரிந்தவர். என்றாலும் போய்க் கேட்டார். அதன் உரிமையாளர் அமைப்புகளில் "Accounts", அதற்குள் "Pages" என்று போய், பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரரின் மனைவியின் கணக்குக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்தார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அந்த இடத்தில் ஒரு வரிசைமுறை முக்கியம். பக்கத்தை இனி உங்கள் போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அந்த நிறுவனத்திடம் உடனே சொல்லிவிடக் கூடாது. போர்ட்ஃபோலியோ வழியாக வந்த அனுமதி, பக்கம் அதிலிருந்து வெளியேறும்போது சேர்ந்தே போய்விடலாம். மனைவியைப் பக்கத்தின் சொந்த அமைப்பிலேயே நேரடியாக முழுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து, அவர் அழைப்பை ஏற்று, உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தார்கள்.

உங்களுக்கும் மருமகனைப் போல் பகுதிக் கட்டுப்பாடு உள்ளவர் ஒருவர் கிடைத்தால், அவரால் பக்கத்தை மீட்க முடியாது என்றாலும் அவர் பெரிய துணை. ஆர்டர்களுக்குப் பதில் சொல்லலாம், பக்கம் செத்துவிடவில்லை என்று காட்டலாம். விளம்பரக் கணக்கோடு தொடர்புள்ளவராக இருந்தால், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வணிக உதவி மையத்தில் ஆளோடு உரையாடும் வசதி அவருக்குத் திறக்க வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் அந்த வசதி காட்டப்படுவதில்லை. ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கணக்கு முடங்கிய சில நாட்களில் பக்கமும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடுவது உண்டு. அதைக் கண்டு பக்கம் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணக்கு திரும்பும்போது பக்கமும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

யாருமே கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது வழிதான். உங்கள் கணவர், மகள் என்று நீண்டகாலமாக உண்மையான பெயரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் தன் கணக்கிலிருந்து ஒரு போர்ட்ஃபோலியோ தொடங்கலாம். அதில் உங்கள் பக்கத்துக்கு அணுகல் கேட்டு விண்ணப்பித்தால் அது நிலுவையில் நிற்கும், ஏனென்றால் ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் முடங்கிய நீங்கள்தான். ஆகவே அந்த விண்ணப்பத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். வணிக உதவி மையத்தின் வழியே, பக்கத்தின் நிர்வாக உரிமை தொடர்பான கோரிக்கையாக எழுதுங்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவை: கோருபவரின் அரசு அடையாள அட்டை, பக்கத்தோடு அவருக்கு என்ன உறவு, எந்த அதிகாரத்தில் கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்பதை விளக்கிக் கையெழுத்திட்ட அறிக்கை, தொழில் உங்களுடையது என்பதற்கான ஆவணம், சொல்பவை எல்லாம் உண்மை, பொய்யானால் சட்டப்படி பொறுப்பேற்கிறேன் என்ற உறுதிமொழி. நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் நல்லது.

உங்களைப் போன்ற வீட்டுத் தொழிலுக்கு ஆவணம் என்றால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ், உணவுத் தொழில் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, இருந்தால் ஜிஎஸ்டி சான்றிதழ். இவற்றில் இருக்கும் தொழிலின் பெயரும் பக்கத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் 'அம்மா கைமணம்' என்றும் சான்றிதழில் உங்கள் சொந்தப் பெயர் மட்டும் என்றும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஒரு தாள் தேவை. உறையில் அச்சிட்ட லேபிளில் பக்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் சேர்ந்திருந்தால் அதன் படம் நல்ல சான்று. பக்கத்தில் கொடுத்திருக்கும் தொலைபேசி எண் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று காட்டும் ரசீதையும் சேர்க்கலாம். கடிதத்தைச் சுருக்கமாக, தேதி வரிசையில், கோபமில்லாமல் எழுதுங்கள். யாரை நீக்க வேண்டும் என்று கேட்காமல், யாரைச் சேர்க்க வேண்டும் என்று அவருடைய கணக்கின் முகவரியோடு கேளுங்கள். இந்த வழியில் பதில் உறுதி என்று என்னால் சொல்ல முடியாது. ஆவணமும் பெயரும் பொருந்தியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல ஆவணம் இருந்தும் ஆயத்த பதில் ஒன்றோடு மூடப்பட்டதும் உண்டு.

மூடப்பட்டால் இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தகைய நிறுவனங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, புகாரைப் பெற்றதை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும். ஃபேஸ்புக்கின் உதவி மையத்தில் "India Grievance Officer" என்று தேடினால் அவருக்கு எழுதும் வழி கிடைக்கும். உங்கள் கணக்கின் முகவரி, பக்கத்தின் எண், முடக்கத் திரையின் படம், மேல்முறையீட்டின் முடிவு, சைபர் புகாரின் ஒப்புகை எண் ஆகியவற்றை இணையுங்கள். அங்கே வரும் பதில் திருப்தியாக இல்லையென்றால், அது வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in தளத்தில் முறையிடலாம். 2022 அக்டோபரில் செய்த திருத்தத்தின் மூலம் வந்த ஏற்பாடு இது. வழக்கறிஞர் தேவையில்லை, எல்லாமே இணையத்தில்தான். குழு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்றும், அதன் உத்தரவுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கணக்கைத் திருடியவரின் செயலுக்காக முடக்கப்பட்டவர்களுக்கு, ஃபேஸ்புக்கின் சொந்த மேல்முறையீட்டைவிட இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் இங்கே நீங்கள் நடந்ததைச் சொற்களில் விளக்க இடம் இருக்கிறது. விதிமீறல் உண்மையிலேயே உங்கள் பதிவில் நடந்திருந்தால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

செய்யக் கூடாதவை இரண்டு. உங்கள் பக்கத்தையே போலிப் பக்கம் என்றோ வணிகக் குறி மீறல் என்றோ புகார் கொடுத்து மீட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் புகார் வென்றால் பக்கம் நீக்கப்படும். உங்கள் கைக்கு வராது. அதேபோல், மெட்டாவில் ஆள் இருக்கிறது, இவ்வளவு பணம் கொடுங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கீழேயே வந்து நிற்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள்தான். தேடுபொறியில் ஃபேஸ்புக் உதவி எண் என்று கிடைக்கும் எண்களும் அப்படியே.

இதற்கிடையே பழைய வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப்பில் பிடித்துவையுங்கள். புதுப் பக்கம் ஒன்று தொடங்குவதானால் மகளோ கணவரோ தன் கணக்கில் தொடங்கட்டும். ஆனால் பிறகு பழையதை இதோடு இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் தொடங்க வேண்டாம். இரண்டு பக்கங்களை இணைக்க இரண்டிலும் முழுக் கட்டுப்பாடு வேண்டும்.

கணக்கோ பக்கமோ திரும்பிய அன்று, பதிவு போடுவதற்கும் மெசேஜ் பார்ப்பதற்கும் முன்னால், பக்கத்துக்கு மாறி "Professional dashboard", "Page access" என்று போய் இன்னொருவரைச் சேருங்கள். "Allow this person to have full control" என்ற பொத்தானைத் திருப்பினால்தான் அது முழு உரிமை. திருப்பாவிட்டால் அவருக்குக் கிடைப்பது அந்த மருமகனுக்கு இருந்த பகுதி உரிமைதான். சேர்ப்பது உண்மையான ஒருவரின், நெடுநாள் புழக்கத்தில் உள்ள கணக்காக இருக்கட்டும். உங்கள் பெயரிலேயே உபரியாக ஒன்று உருவாக்கி அதைச் சேர்த்தால் அடுத்த முறை இரண்டும் சேர்ந்தே முடங்கும். முதலில் அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே இங்கே எழுதுங்கள், உங்கள் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு. எந்த வழியில் தொடங்குவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.